ஒரு குடை, இரண்டு மழை, மூன்று வரி... இதை மொழிபெயர்க்க ஒரு மதியம் போதுமா?

மூன்றே வரி. வரிக்கு ஐந்து சொல். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலம்.

யூ லெஃப்ட் யுவர் அம்ப்ரெல்லா ஹியர்.
இட் ஹேஸ் ரெய்ன்டு ட்வைஸ் சின்ஸ்.
ஐ டிட் நாட் ஓப்பன் இட்.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் முதுகலை ஆங்கில இலக்கிய வகுப்பில், மதிய உணவு முடிந்த முதல் பீரியடில், பேராசிரியை இந்த மூன்று வரிகளை போர்டில் எழுதினார். “தமிழ்ல கொண்டு வாங்க. அர்த்தம் மட்டும் வந்தா பத்தாது, தொனியும் வரணும்” என்றார். கவிதை அவரே எழுதியது. பிரபலமான கவிதையைக் கொடுத்தால், யாரோ ஏற்கெனவே செய்த மொழிபெயர்ப்பை மாணவர்கள் செல்போனில் தேடி எடுத்துவிடுகிறார்கள் என்பது அவருடைய பல வருட அனுபவம்.

நான்கு நிமிடத்தில் பாதிப் பேர் முடித்துவிட்டார்கள். கடைசி பெஞ்ச் மாணவர் எழுந்து வாசித்தார்.

நீ மறந்து சென்ற குடை
என் வீட்டு மூலையில்...
இரண்டு முறை மழை வந்தும்
விரிக்க மனமில்லாமல்
நனைந்தே நின்றேன் நான்...!

கைதட்டல். பேராசிரியையும் தட்டினார். “நல்லா இருக்குப்பா. ஆனா இது வேற கவிதை” என்றார். பிறகு, அந்த ஐந்து வரிகளில் மூலத்தில் இல்லாதவை எவை என்று வகுப்பையே எண்ணச் சொன்னார். மறதி இல்லை. வீட்டு மூலை இல்லை. மனமில்லாமை இல்லை. நனைந்ததும் இல்லை. புள்ளி புள்ளியாக இழுத்துப் போவதும் ஆச்சரியக்குறியும் இல்லவே இல்லை.

மூலத்தில் பேசுகிறவர் குடையை விரிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறார். மழையில் நனைந்தாரா, வீட்டுக்குள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாரா, தெரியாது. ஏன் விரிக்கவில்லை? பாசமா, கோபமா, தேவைப்படவில்லையா? அதுவும் தெரியாது. மூன்று முற்றுப்புள்ளி வைத்து, கணக்குப் புத்தகத்தில் வரவு செலவு எழுதுவதுபோல எழுதியிருக்கிறார். அந்த வறட்சிக்குள்தான் ஏதோ இருக்கிறது. அதை மொழிபெயர்ப்பாளர் வெளியே எடுத்துக் காட்டிவிட்டால், வாசகர் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

அதனால், அகராதியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பட்டியல் போடச் சொல்கிறார் பேராசிரியை. கவிதை என்ன சொல்கிறது என்ற பட்டியல் அல்ல. என்னவெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறது என்ற பட்டியல். மொழிபெயர்ப்பு முடிந்ததும் அதை எடுத்து ஒப்பிட வேண்டும். விட்டுவைத்த இடம் ஏதாவது நிரம்பியிருந்தால், தொனி அங்கேதான் மாறியிருக்கும்.

நீயா, நீங்களா?

அடுத்த முட்டுக்கட்டை முதல் சொல்லிலேயே இருந்தது. ‘யூ’. வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோருமே யோசிக்காமல் ‘நீ’ என்று எழுதியிருந்தார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி மட்டும் ‘விட்டுப் போனீர்கள்’ என்று எழுதியிருந்தார்.

குடையை இங்கே விட்டுப் போனீர்கள்.

அதை வாசித்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. அதுவரை எல்லோர் மனதிலும் ஒரு காதலனோ காதலியோதான் இருந்தார்கள். இந்த ஒரு விகுதியில் அந்த ஆள் போய், ஓர் அப்பா வந்து நின்றார். “எங்க வீட்ல ஆச்சி, தாத்தாவ ‘நீங்க’ன்னுதான் கூப்பிடுவாங்க. பேர் சொன்னதே இல்ல. எனக்கு ஆச்சி பேசுற மாதிரி இருந்துச்சு மேம்” என்றார் அந்த மாணவி.

ஆங்கிலத்தில் ‘யூ’ என்றால் அது காதலிக்கும் பொருந்தும், தாத்தாவுக்கும் பொருந்தும், நேற்று வந்துபோன காப்பீட்டு முகவருக்கும் பொருந்தும். தமிழில் அப்படி ஒரு பொதுச்சொல் கிடையாது. ‘நீ’யை எடுத்துவிட்டாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்: போனாய், போனீர்கள். மூலம் திறந்துவைத்த கதவுகளில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் தமிழ் மூடியே ஆக வேண்டும்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. ‘குடை இங்கேயே இருந்துவிட்டது’ என்று எழுதலாம். நீயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். ஒரு மாணவர் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆனால் அப்போது யாரிடமோ பேசுகிற கவிதை, யாரைப் பற்றியும் இல்லாத தகவலாகிவிடுகிறது. எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் இந்தக் கவிதையின் உயிர். மரியாதைச் சிக்கலிலிருந்து தப்பிக்க அந்த ஆளையே தொலைப்பது நஷ்டமான வியாபாரம்.

இந்த இடத்தில் பேராசிரியை ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். எலியட் வைன்பெர்கர் 1987-ல் வெளியிட்ட ‘நைன்டீன் வேஸ் ஆஃப் லுக்கிங் அட் வாங் வெய்’. எட்டாம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் வாங் வெய் எழுதிய ஒரே ஒரு கவிதையின் பல மொழிபெயர்ப்புகளை வரிசையாக வைத்து அலசுகிற மெலிந்த புத்தகம். மூலக்கவிதைக்கு நான்கே வரி, வரிக்கு ஐந்து எழுத்து, ஆக இருபது எழுத்து. அதில் ‘நான்’ என்ற சொல்லே வராது. மலையில் யாரும் தென்படவில்லை, குரல் மட்டும் கேட்கிறது என்று சொல்லும்போது அதைப் பார்ப்பவர் யார் என்று சீனக் கவிதை சொல்வதில்லை. ஆனால் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன பலர் ஒரு ‘ஐ’யைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆள் இல்லாத மலைக்கு, வேடிக்கை பார்க்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார்!

சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவருக்கு ‘நான்’ பிரச்னை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறவருக்கு ‘நீ’ பிரச்னை. எந்த மொழிக்குப் போகிறோமோ, அந்த மொழி கட்டாயம் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.

வகுப்பு கடைசியில் ‘நீ’ பக்கம் சாய்ந்தது. காரணம் காதல் அல்ல. ‘நீ’ காதலருக்கு மட்டுமல்ல, நண்பருக்கும் மகனுக்கும் அம்மாவுக்கும்கூடப் பொருந்தும். ‘நீங்கள்’ என்றதும் வட்டம் சுருங்கிவிடுகிறது. மூலத்துக்கு இருக்கிற அகலத்தில் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டுமென்றால் ‘நீ’தான் சரி. ஆச்சியின் குரலைக் கேட்ட மாணவிக்கு அதில் வருத்தம்தான். தன் நோட்டில் ‘நீங்கள்’ வடிவத்தை அடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். பேராசிரியையும் அடிக்கச் சொல்லவில்லை.

மறந்தாயா, விட்டாயா?

‘லெஃப்ட்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அரை மணி நேரம் போனது. மறந்துவிட்டாய், வைத்துவிட்டுப் போனாய், விட்டுச் சென்றாய், விட்டுவிட்டுப் போய்விட்டாய், விட்டுப் போனாய் என்று ஐந்து வடிவங்கள் போர்டில் ஏறின.

‘மறந்துவிட்டாய்’ முதலில் வெளியேறியது. குடையை வேண்டுமென்றே வைத்தாரா, மறந்தாரா என்று மூலம் சொல்லவில்லை. ‘வைத்துவிட்டுப் போனாய்’ அதற்கு நேர் எதிர். அதில் வேண்டுமென்றே வைத்த வாசனை அடிக்கிறது. ‘விட்டுச் சென்றாய்’ என்றால் பார்வைக்குக் கண்ணியமாக இருக்கிறது. ஆனால் ‘அவர் விட்டுச் சென்ற பணிகள்’ என்று இரங்கல் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு, குடையை யாரோ உயில் எழுதிவைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

‘விட்டுவிட்டுப் போய்விட்டாய்’ என்பதில்தான் நுட்பமான பாடம் இருந்தது. தமிழில் ‘விடு’ என்ற துணைவினை, ஒரு செயல் முடிந்துபோனது என்று காட்டுவதோடு நிற்காது. ‘போனான்’ என்பது செய்தி. ‘போய்விட்டான்’ என்பதில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. ‘உடைந்தது’ என்பதற்கும் ‘உடைந்துவிட்டது’ என்பதற்கும் உள்ள தூரம் எல்லா வீட்டுச் சமையலறைக்கும் தெரியும். அந்தப் பெருமூச்சு மூலத்தில் கிடையாது.

ஒரு மாணவர் பேச்சுத்தமிழில் எழுதிவந்த வடிவத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ‘கொடைய இங்கயே விட்டுட்டுப் போயிட்ட. ரெண்டு மழ பேஞ்சிருச்சு. நான் விரிக்கல.’ வாசிக்கும்போது உயிரோட்டமாக இருந்தது. வகுப்புக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் ‘விட்டுட்டு’, ‘போயிட்ட’, ‘பேஞ்சிருச்சு’ என்று மூன்று ‘விடு’, போதாக்குறைக்கு ‘இங்கயே’வில் ஓர் ஏகாரம். மொத்தத்தில் வாசலில் நின்று சண்டைக்கு இழுப்பதுபோல் ஆகிவிட்டது. மூலம் ‘டிட் நாட்’ என்கிறது, ‘டிடின்ட்’ என்றுகூடச் சுருக்கவில்லை. பேச்சிலிருந்து ஒரு படி விலகி நின்று, நிதானமாகச் சொல்கிற குரல் அது. பேச்சுத்தமிழ் தப்பு என்பதல்ல. மூலம் பேச்சுமொழியாக இருந்தால் பேச்சுத்தமிழ்தான் சரி. இங்கே மூலம் அப்படி இல்லை.

மிஞ்சியது ‘விட்டுப் போனாய்’. இதில் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. ஆங்கிலத்தில் ‘யூ லெஃப்ட்’ என்பதோடு நிறுத்தினால் ‘நீ போய்விட்டாய்’ என்று பொருள். குடை என்ற சொல் வருவதற்கு முன்னால், ஒரு கணம், ஆள் பிரிந்துபோன செய்தி காதில் விழுகிறது. தமிழிலும் ‘விட்டுப் போனாய்’ என்றதும் ‘என்னை’ என்ற சொல் தானாக நினைவுக்கு வரும். குடையை விட்டுப் போனதற்கும் ஆளை விட்டுப் போனதற்கும் இரண்டு மொழியிலும் ஒரே வினை. எல்லாக் கவிதையிலும் இப்படிக் கிடைக்காது. கிடைத்தால் விடக் கூடாது.

ஆனால் வரிசை மாறிவிட்டது. ஆங்கிலத்தில் பிரிவு முதலில், குடை பிறகு. தமிழில் வினை கடைசியில் வருவதால் குடை முதலில், பிரிவு பிறகு. தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிராக நிற்பவை. சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே.ராமானுஜன் இந்தச் சிக்கலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். குறுந்தொகைப் பாடல்களை அவர் மொழிபெயர்த்த ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ நூல் 1967-ல் வந்தது. அதில் அவர் வரிகளைத் துண்டாக உடைத்து, உள்ளே தள்ளி, படிக்கட்டுபோல அடுக்கியிருப்பார். சொல் வரிசையை அப்படியே கொண்டுபோக முடியாதபோது, வாசகருக்குத் தகவல் எந்த வேகத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை வரி உடைப்பால் அவர் சரிக்கட்டினார்.

இங்கே வகுப்பு அப்படி எதையும் செய்யவில்லை. வரி சிறியது, உடைத்தால் நாடகத்தனம் வந்துவிடும். வரிசை மாறியதை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்தார்கள்.

எத்தனை நாள் ஆயிற்று?

இரண்டாம் வரி சுலபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ‘ஹேஸ் ரெய்ன்டு’ என்பதை இலக்கணப்படி ‘பெய்திருக்கிறது’ என்று ஒருவர் எழுத, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கிறது என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ‘இருமுறை மழை பொழிந்தது’ என்பதில் மேடை ஏறிவிட்ட தோரணை. ‘இரண்டு மழை பெய்தது’ என்றதும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மழையை இப்படி எண்ணுவது நம் ஊர் வழக்கம்தானே? ‘ரெண்டு மழை பெஞ்சா போதும், கெணறு நெறைஞ்சிரும்’ என்று சொல்லாத விவசாயி உண்டா?

சிக்கல் அந்த வழக்கத்திலேயே இருந்தது. லண்டனில் இரண்டு தடவை மழை பெய்ய இரண்டு நாள் போதும். ராமநாதபுரத்துக்காரருக்கு இரண்டு மழை என்றால் பல மாதம்கூட ஆகலாம். அதே எண்தான், ஆனால் படிக்கிறவரின் ஊரைப் பொறுத்து, பிரிந்து இருந்த காலம் நீள்கிறது. மழை என்பதும் அங்கே தொல்லை, இங்கே வரம். குடையோ நம் ஊரில் மழையைவிட வெயிலுக்குத்தான் அதிகம் விரிகிறது!

சிலர் இதற்கு அடிக்குறிப்பு போடலாம் என்றார்கள். மூன்று வரிக் கவிதைக்கு நான்கு வரி அடிக்குறிப்பா என்று கேட்டுச் சிரித்தார் பேராசிரியை. ‘சின்ஸ்’ என்பதை ‘பிறகு’ என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். ‘அதற்குள்’ என்று போட்டால் காலம் சீக்கிரம் ஓடியதுபோல் ஆகும். ‘இதுவரை’ என்றால் பேசுகிறவர் நாள் எண்ணிக் காத்திருப்பதுபோல் ஆகும். ‘பிறகு’ இரண்டையும் சொல்வதில்லை.

கடைசி வரியின் ‘நான்’

‘ஓப்பன்’ என்றால் ‘திறக்கவில்லை’ என்று எழுதியவர்களுக்கு அதிக விளக்கம் தேவைப்படவில்லை. குடையைத் தமிழில் திறப்பதில்லை, விரிக்கிறோம். ‘விரிக்கவில்லை’ என்று மாற்றியதும் ஒரு மாணவர் அந்த ஒற்றைச் சொல்லோடு வரியை முடித்திருந்தார்.

குடையை இங்கே விட்டுப் போனாய்.
பிறகு இரண்டு மழை பெய்தது.
விரிக்கவில்லை.

கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மூலத்தில் மூன்று வரியும் ஒரே நீளம். கடைசி வரி மற்ற இரண்டைவிட எந்த விதத்திலும் முக்கியமானதுபோல் காட்டிக்கொள்வதில்லை. அதுவும் ‘இட்’ என்ற, அழுத்தமே இல்லாத சொல்லில் போய் அடங்குகிறது. தமிழில் ஒற்றைச் சொல்லைத் தனியாக நிறுத்தினால், வசனம் பேசிவிட்டுக் கதாநாயகன் திரும்பி நடக்கிற காட்சியாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘விரித்தேன்’ என்றால் நான் என்பது தெரியும். ‘விரிக்கவில்லை’ என்பதில் அது தெரியாது. நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் அதே ‘விரிக்கவில்லை’தான். ஆகவே ‘நான்’ வேண்டும். ஆனால் தேவையில்லாத இடத்தில் ‘நான்’ போட்டால் தமிழில் அது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தும். ‘அதை நான் விரிக்கவில்லை’ என்றால் வேறு யாரோ விரித்தார்கள் என்று தோன்றும். ‘நான் அதை விரிக்கவில்லை’ என்றால்? “அப்போ வேற குடை வெச்சிருந்தாங்களா மேம்?” என்று ஒருவர் கேட்க, வகுப்பே சிரித்தது. மூலத்தைத் திரும்பப் பார்த்தார்கள். வேறு குடை இருந்திருக்கவும் கூடும். அதையும் மூலம் மறுக்கவில்லை.

கூச்ச சுபாவமுள்ள மாணவர் ஒருவர் ‘விரிக்காமல் வைத்திருக்கிறேன்’ என்று எழுதியிருந்தார். ‘நான்’ இல்லாமலே ஆள் தெரிகிறது. இலக்கணப்படி அழகான தீர்வு. ஆனால் ‘வைத்திருக்கிறேன்’ என்றதும், பத்திரப்படுத்துவது, காத்திருப்பது எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. பாசமா கோபமா என்ற கேள்விக்கு விடை சொல்லியாகிவிட்டது. அதை விடமுடியாமல்தான் பேராசிரியையும் இரண்டு நிமிடம் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அழித்தார்.

கடைசியில் நின்ற வடிவம் இது:

குடையை இங்கே விட்டுப் போனாய்.
பிறகு இரண்டு மழை பெய்தது.
நான் அதை விரிக்கவில்லை.

‘யுவர்’ போய்விட்டது. ‘உன் குடையை’ என்று வைத்தால் முதல் வரி கனக்கிறது. தமிழில் ‘போனாய்’ இருக்கும்போது அது உன் குடை என்று பெரும்பாலும் புரிந்துவிடும். பெரும்பாலும்தான். பேசுகிறவரின் குடையை வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திரும்ப வைத்துப் போயிருக்கலாம் என்று வாதாட இடம் இருக்கிறது. மூலத்தில் அந்த இடம் இல்லை. அதுவும் நஷ்டக் கணக்கில் ஏறியது.

தொனி வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செய்தவர்களுக்கு அது தெரியாது. மூலம் அவர்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டி மூன்று கேள்வி கேட்க வேண்டும். பேசுகிறவருக்கு அந்த ஆள் யார்? பேசுகிறவர் கோபமாக இருக்கிறாரா, ஏக்கமாக இருக்கிறாரா? பிரிந்து எத்தனை நாள் ஆகியிருக்கும்? வகுப்பு ஆரம்பத்தில் ஆங்கில வரிகளை வைத்து இதே கேள்விகளைக் கேட்டபோது மாணவர்களின் பதில்கள் சிதறியிருந்தன. தமிழிலும் அதே அளவுக்குச் சிதற வேண்டும். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் விளக்கம் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு பேர் நூலகத்துக்கு ஓடினார்கள். கையில் முதலில் கைதட்டல் வாங்கிய ஐந்து வரியும் இருந்தது, கடைசி மூன்று வரியும் இருந்தது. ஐந்து வரியைக் கேட்ட நூலக உதவியாளர், “லவ் ஃபெயிலியர்” என்று உடனே சொல்லிவிட்டார். மூன்று வரிக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். “யாரோ வெளியூர் போயிருக்காங்க. இல்லன்னா செத்துப்போயிட்டாங்க. கோவமா, பாசமான்னு தெரியலையேம்மா” என்றார். இதைக் கேட்டு வந்து சொன்னதும், அன்றைக்கு இரண்டாம் முறையாகக் கைதட்டல்.

மணி அடிக்கப்போகிற நேரத்தில், களியக்காவிளை பக்கத்திலிருந்து வருகிற மாணவி ஒருவர் கையைத் தூக்கினார். மலையாளத்தில் செய்தால் நீ, நீங்கள் பிரச்னையே வராது என்றார். மலையாள வினைமுற்று ஆளுக்கு ஆள் மாறாது. நான் போனாலும் நீ போனாலும் அவர் போனாலும் ‘போயி’தான். பெயரைச் சொல்லாமல் விட்டால் மரியாதையும் தெரியாது, நெருக்கமும் தெரியாது.

பேராசிரியை அவரையே எழுதிக்காட்டச் சொன்னார். எழுதிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து வாசித்துப் பார்த்த மாணவி, சாக்பீஸைக் கையில் வைத்தபடியே நின்றார். “மேம், இப்ப இது ‘நீ போன’ன்னும் வருது, ‘அவர் போனார்’ன்னும் வருது. எதிர்ல ஆளே இல்லாம போயிருச்சு” என்றார்.

அதுவே மறுநாள் வகுப்புக்கான வீட்டுப்பாடம் ஆனது.